குரூப்பில் முப்பத்தேழாவது ‘கங்கிராட்ஸ்’

பதவி உயர்வுப் பட்டியல் வெளியான அரை மணி நேரத்துக்குள் அலுவலக வாட்ஸ்அப் குரூப் நிரம்பிவிடும். முதல் ஆள் பூங்கொத்துப் படம் போடுவார். அடுத்தவர் ‘கங்கிராட்ஸ் மேடம்’ என்பார். பிறகு வருவதெல்லாம் அதன் நகல்தான். நடுவில் தமிழார்வம் உள்ள ஒருவர், ‘தாங்கள் மென்மேலும் உயர எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்’ என்று எழுதுவார். பெயரை மட்டும் மாற்றினால், பக்கத்துக் கிளையில் உயர்வு பெற்றவருக்கும் அதை அப்படியே அனுப்பிவிடலாம். குறையே அதுதான்.

பொதுத்துறை வங்கியையே எடுத்துக்கொள்வோம். அங்கே எழுத்தர் அதிகாரியாவது பெரிய சங்கதி. தேர்வுக்குப் படிக்க வேண்டும், நேர்முகத்தைத் தாண்ட வேண்டும். உயர்வோடு பெரும்பாலும் இடமாற்றமும் வரும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயதான மாமியார் என்று யோசித்து, தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுபவர்கள் உண்டு. ஆகவே பட்டியலில் பெயர் வந்தவருக்கு அன்றைக்குச் சந்தோஷம் மட்டும் இருக்காது. எந்த ஊர் போடுவார்கள், எப்போது ரிலீவ் ஆக வேண்டும் என்ற கணக்கும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். வாழ்த்துகிறவர் இதை அறிந்து பேசினால் பாதி வேலை முடிந்தது.

மதுரையில் ஒரு கிளை. கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்த செல்வி அதிகாரி ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பக்கத்துக் கவுண்டர். அவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்தது எது? நவம்பர் மாதம் உயிர்வாழ்ச் சான்று கொடுக்க ஓய்வூதியர்கள் கூட்டமாக வருவார்கள். வயதானவர்களுக்கு விரல்ரேகை தேய்ந்து, கருவியில் பதியாது. அந்த நேரத்தில் செல்வி என்ன செய்தார் என்பதைப் பார்த்தவர் நீங்கள்தான். எனவே குரூப்பில் ஒரு வரி போட்டுவிட்டு, அவருக்குத் தனியாக இப்படி எழுதலாம்:

‘செல்வி அக்கா, லிஸ்ட்டில் உங்க பேரைப் பார்த்ததும் போன நவம்பர்தான் ஞாபகம் வந்தது. ரேகை விழாத அந்தப் பெரியவரைத் திருப்பி அனுப்பாம, சேர் போட்டு உட்கார வச்சு, படிவத்தில் கையெழுத்து வாங்கி முடிச்சுக் கொடுத்தீங்களே. அப்படி ஒருத்தர் ஆபீசரா வர்றது அந்தக் கிளைக்கு நல்லது. ரொம்பச் சந்தோஷம். எந்த ஊர் போட்டாலும் சொல்லுங்க, வீடு பார்க்க அங்கே தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு விசாரிக்கிறேன்.’

இதில் ‘மனமார்ந்த’ இல்லை, ‘இதயங்கனிந்த’ இல்லை. பெரியவர் ஒருவர் இருக்கிறார், நாற்காலி ஒன்று இருக்கிறது. இதை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. கடைசி வரி அவருடைய கவலையைத் தொடுகிறது. ஆனால் செய்ய முடிகிற உதவியை மட்டும் எழுதுங்கள். வீடு பார்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பிறகு போனை எடுக்காமல் இருப்பதற்கு, பூங்கொத்துப் படமே மேல்.

அப்படி எதுவும் ஞாபகம் வரவில்லையா? அதிகம் பழகாதவர் என்றால் இட்டுக்கட்ட வேண்டாம். நேரில் பார்க்கும்போது நின்று, ‘கேள்விப்பட்டேன் மேடம், சந்தோஷம். எந்தப் பக்கம் போடுவாங்கன்னு தெரிஞ்சுதா?’ என்று கேட்டு, அவர் சொல்வதை முழுதாகக் கேட்டாலே போதும்.

கெடுப்பவை பெரும்பாலும் வேடிக்கைப் பேச்சுகள்தான். ‘எப்ப ட்ரீட்?’ என்பது வாழ்த்தை முடிப்பதற்குள் பில்லை நீட்டுவது. ‘லேட்டானாலும் கிடைச்சிருச்சே’ என்றால் தாமதம்தான் காதில் விழும். ‘மேனேஜருக்கு உங்க மேல தனிப் பிரியம்’ என்பது அவர் படித்த படிப்பை ஒரே வார்த்தையில் அழித்துவிடும். பெண்களிடம் மட்டும் தவறாமல் கேட்கப்படும் ‘வீட்டை யார் பார்த்துப்பாங்க?’ என்பதை வாழ்த்துக் கணக்கில் சேர்க்கவே முடியாது. ‘இனிமே உங்களை மேடம்னு கூப்பிடணுமோ’ என்று நேற்றுவரை அக்கா என்றவர் கேட்பதும் உறுத்தும். நேற்று அக்கா என்றால் இன்றும் அக்காதான். வாடிக்கையாளர் முன்னால் மேடம் என்று சொல்ல வேண்டிய இடம் வந்தால், அதை அவரே உணர்த்துவார்.

இன்னொரு சங்கடம் உண்டு. அதே தேர்வை எழுதிப் பெயர் வராதவர் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பார். அவர் இருக்கும்போது கைதட்டி, கேக் வெட்டி ஊரைக் கூட்ட வேண்டாம். செல்வியிடம் தேநீர் நேரத்தில் தனியாகச் சொல்லலாம். பெயர் வராதவர் நீங்களேதானா? அப்போது நீளமாக எழுத முயன்றால் வார்த்தை பொய்யாகிவிடும். ‘அக்கா, எனக்கு வரலைன்னு வருத்தம்தான். உங்களுக்கு வந்தது சந்தோஷம்’ என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பேசாமல் இருந்தால் அலுவலகம் அதைப் பொறாமை என்றே படிக்கும்.

எப்படியானாலும் அவர் ரிலீவ் ஆகும் நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். பிரிவு உபசாரக் கூட்டத்தில் பேசுவதற்கு ஆள் நிறையப் பேர் இருப்பார்கள்.