துணி இன்னும் வரவில்லை: சப்ளையருக்கு ஒரு மின்னஞ்சல்

திருப்பூரில் தாமதத்துக்கென்று ஒரு தனி வழக்கு உண்டு. போன் செய்தால், "வண்டி கிளம்பிடுச்சுங்க" என்பார்கள். மறுபடி செய்தால், "இப்பத்தான் காம்பாக்டிங்ல இருந்து இறங்குதுங்க" என்பார்கள். மூன்றாவது முறை போன் எடுக்கப்படாது. அதன் பிறகுதான் மெர்ச்சண்டைசர் கணினிக்கு முன் உட்கார்ந்து மின்னஞ்சல் தட்டத் தொடங்குகிறார். அந்த நேரத்தில் எழுதுவது அப்படியே அனுப்பத் தகுந்ததாக இருப்பது அபூர்வம். மூன்று நான்கு முறை அடித்துத் திருத்தினால்தான் உருப்படியாகும்.

ஒரு நிலவரத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். எண்களும் தேதிகளும் விளக்கத்துக்காக நானே போட்டவை. ஒரு பனியன் கம்பெனி 5,000 டி-சர்ட் தைக்க வேண்டும். அதற்கு 180 ஜி.எஸ்.எம். நேவி நிற சிங்கிள் ஜெர்சி 1,200 கிலோ வாங்க ஆர்டர் போட்டிருக்கிறது. பி.ஓ. எண் 117. துணி வந்து சேர வேண்டிய நாள் ஜூலை 10. அன்று 400 கிலோ மட்டும் வந்தது. மீதி 800 கிலோ 12ஆம் தேதி மாலை வரை வரவில்லை. தைத்த சரக்கு ஆகஸ்ட் 7 அன்று கம்பெனியை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

கோபத்தில் எழுதிய முதல் வரைவு இப்படி இருக்கும்:

"நீங்கள் எப்போதும் இப்படித்தான் செய்கிறீர்கள். போன் செய்தாலும் எடுப்பதில்லை. உங்களால் பையரிடம் எங்கள் பெயர் கெடுகிறது. உடனடியாகத் துணியை அனுப்பவும். தவறினால் கடுமையான நடவடிக்கை எடுக்கப்படும்."

படிக்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் டையிங் ஆபீசில் இதைத் திறக்கும் பையனுக்கு எந்த ஆர்டர், எந்த நிறம், எத்தனை கிலோ என்று எதுவும் தெரியாது. அவன் இதை முதலாளிக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான். முதலாளி "எப்போதும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார். சென்ற வருடம் நேரத்துக்கு வந்த ஐந்து ஆர்டர்களை வரிசையாக எடுத்துக் காட்டுவார். பேச்சு 800 கிலோவை விட்டுவிட்டுப் பழைய உறவின் பக்கம் திரும்பிவிடும். "உடனடியாக" என்பதில் தேதி இல்லை. "கடுமையான நடவடிக்கை" என்னவென்று எழுதியவருக்கே தெரியாது, படிப்பவருக்கும் அது புரிந்துவிடும்.

சீனியர் ஒருவர், "இவ்வளவு காரம் வேண்டாம்பா, நாளைக்கும் அவங்ககிட்டதான் போகணும்" என்கிறார். இரண்டாம் வரைவு பிறக்கிறது:

"சிரமத்துக்கு மன்னிக்கவும். துணி கொஞ்சம் தாமதமாகியிருக்கிறது. உங்கள் வேலைப்பளு எங்களுக்குப் புரிகிறது. முடிந்தவரை சீக்கிரம் அனுப்பி வைத்தால் பேருதவியாக இருக்கும்."

என் கணக்கில் முதல் வரைவைவிட இதுவே ஆபத்தானது. அது உறவைத்தான் கெடுக்கும், இது உரிமையையே கைநழுவ விட்டுவிடலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 63ஆம் பிரிவின்படி, வாக்குறுதியைப் பெற்றவர் தானாகவே கெடுவை நீட்டிக் கொடுக்கலாம். "முடிந்தவரை சீக்கிரம்" என்று நாம் எழுதிய வரியை, "அவர்களே நாள் நீட்டித் தந்தார்கள்" என்று எதிர்த்தரப்பு பின்னால் எடுத்துக் காட்ட இடமிருக்கிறது. தாமதம் செய்தவர் அவராக இருக்க, மன்னிப்புக் கேட்பது நாமாக இருப்பதும் வேடிக்கை.

மூன்றாம் வரைவுக்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட வேண்டும். பின்னப்பட்ட துணியை ரோலிலிருந்து பிரித்து ஒரு நாள் ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு அளவு சுருங்கும். அதற்கு ஒரு நாள், கட்டிங் மூன்று நாள், பிரிண்டிங் நான்கு, தையல் ஏழு, செக்கிங், அயர்னிங், பேக்கிங் சேர்த்து நான்கு என்று வைத்தால் 19 நாள். ஆகஸ்ட் 6 மாலை வேலை முடிய வேண்டுமானால் ஜூலை 19 காலையில் துணி விரிக்கப்பட வேண்டும். ஆக, 18ஆம் தேதி மாலைக்குள் துணி கேட்டுக்குள் இருக்க வேண்டும்.

இங்கே சிலர் 15 என்று பொய்த் தேதி போடுவார்கள், மூன்று நாள் கையிருப்பாக இருக்கட்டும் என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தொழிலில் இருப்பவருக்குக் கட்டிங், தையல் கணக்கெல்லாம் மனப்பாடம். ஒருமுறை பொய் தெரிந்துவிட்டால், அடுத்த முறை நாம் போடும் உண்மைத் தேதியிலும் அவர் மூன்று நாளைக் கூட்டிக்கொள்வார். உண்மைத் தேதியையே காரணத்தோடு சொல்வது நல்லது.

இப்போது மூன்றாம் வரைவு:

"பொருள்: பி.ஓ. 117 – நேவி சிங்கிள் ஜெர்சி, பாக்கி 800 கிலோ – ஜூலை 18க்குள் தேவை

வணக்கம் ஐயா,

பி.ஓ. 117-இன்படி ஜூலை 10 அன்று வரவேண்டிய 1,200 கிலோவில் 400 கிலோ வந்தது, நன்றி. மீதி 800 கிலோ இன்று வரை வரவில்லை. ஆகஸ்ட் 7 அன்று எங்கள் சரக்கு கிளம்ப வேண்டியிருப்பதால், ஜூலை 18 மாலை 5 மணிக்குள் முழுத் துணியும் எங்களிடம் சேர வேண்டும். அதைத் தாண்டினால் சரக்கைக் கப்பலில் அனுப்ப முடியாது. விமானச் செலவு பற்றி உங்களோடு பேச வேண்டிவரும்.

நாளை காலை 11 மணிக்குள் இரண்டு விவரம் தெரிவியுங்கள்: துணி இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எந்தத் தேதியில் எத்தனை கிலோ கிளம்பும். வேறு லாட்டாக இருந்தால் ரோல்களில் லாட் எண்ணைத் தனியே குறித்து அனுப்பவும். முதல் 400 கிலோவின் ஷேடு கட்டிங்கை ஒப்பிட்டுப் பார்க்க இன்றே அனுப்புகிறோம்."

இதில் கோபம் எங்கும் இல்லை. கெஞ்சலும் இல்லை. வந்த 400 கிலோவுக்கு நன்றி சொன்னது மரியாதைக்காக மட்டும் அல்ல, வந்த அளவு இவ்வளவுதான் என்பதும் அந்த ஒரே வரியில் பதிவாகிவிடுகிறது. லாட் பற்றிய வரியும் முக்கியம். அவசரத்தில் சாயமேற்றிய இரண்டாம் லாட் ஒரு சாயல் வெளுத்தோ கறுத்தோ வந்தால், முன்பக்கம் ஒரு லாட், கை ஒரு லாட் என்று வெட்டிய டி-சர்ட் அத்தனையும் செக்கிங்கில் கழியும். தாமதத்தை விரட்டப் போய்த் தரத்தைக் கோட்டைவிடுவது இங்கே அடிக்கடி நடப்பதுதான்.

நான்காவது சுற்றில் ஒரு வரி உள்ளே நுழையப் பார்க்கும்: "மீதித் துணி வரும்வரை முந்தைய பில் பணம் தர மாட்டோம்." அக்கவுண்ட்ஸ் பக்கத்திலிருந்து யாராவது இதைச் சொல்வார்கள். எழுதும் முன் நிதானிக்க வேண்டும். சப்ளையர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, ஏற்றுக்கொண்ட சரக்குக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். அந்த நாளும் 45-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அவர் தாமதத்தைத் தட்டிக் கேட்க எழுதும் கடிதத்திலேயே நம் தாமதத்துக்கு வாக்குமூலம் கொடுத்த கதையாகிவிடும். அந்த வரியை அடித்துவிடுவதே மேல். அதோடு, மின்னஞ்சல் போகும் முன் அவருக்கு நம் பாக்கி ஏதும் நாள் கடந்து கிடக்கிறதா என்று லெட்ஜரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பதில் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

மறுநாள் பதில் வருகிறது: "பாய்லர் கோளாறு. 16ஆம் தேதி 500 கிலோ தருகிறோம். மீதி 300 கிலோ 20ஆம் தேதி." காரணம் உண்மையாகவே இருக்கலாம். அதை விசாரிக்கப் போனால் மூன்று மின்னஞ்சல் வீணாகும். கணக்குக்குத் திரும்புவோம். 400-உம் 500-உம் சேர்ந்தால் 900 கிலோ, அதாவது மொத்தத்தில் முக்கால் பங்கு. கட்டிங்கும் தையலும் தடையில்லாமல் ஓடும். கடைசி 300 கிலோ இரண்டு நாள் பிந்தினாலும் ஓவர்டைம் போட்டுச் சமாளிக்கலாம். ஆகவே இரண்டாவது மின்னஞ்சல் சம்மதம் சொல்லலாம், ஆனால் அளவோடு:

"பாய்லர் விவரம் அறிந்தோம். 16ஆம் தேதி 500 கிலோவை எதிர்பார்க்கிறோம். 20ஆம் தேதி வரும் 300 கிலோவையும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பி.ஓ.வில் உள்ள ஜூலை 10 என்ற தேதியை நாங்கள் மாற்றியதாக இதைக் கொள்ள வேண்டாம். தாமதத்தால் எங்களுக்கு ஏற்படும் கூடுதல் செலவைக் கோரும் உரிமை எங்களுக்கு உண்டு. வண்டி கிளம்பியதும் இ-வே பில் எண்ணை அனுப்பவும்."

"வண்டி கிளம்பிடுச்சுங்க" என்பதற்குச் சரியான மறுமொழி இ-வே பில் எண்தான். அது கையில் வந்தால் பேச்சை நம்பலாம்.

16ஆம் தேதியும் துணி வரவில்லை என்றால் குரலை உயர்த்த வேண்டியதில்லை. பெறுநர் பட்டியலை நீட்டினால் போதும். இதுவரை மெர்ச்சண்டைசர் எழுதியது மார்க்கெட்டிங் ஆளுக்கு. இனி இரண்டு பக்க முதலாளிகளும் நகலில் வரட்டும். அதே தேதிகள், அதே கிலோ, தவறிய வாக்குறுதி மட்டும் ஒரு வரி கூடுதலாக. பையரை மட்டும் நகலில் சேர்க்காதீர்கள். நம் வீட்டுச் சண்டையை அவர் பார்த்தால் அடுத்த ஆர்டரையே யோசிப்பார்.

உரிமை பற்றிய அந்த வரியை அலங்காரம் என்று நினைத்து யாரும் வெட்டிவிடக் கூடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, நேரம் உயிர்நாடியாக இருக்கும் ஒப்பந்தத்தில் பிந்தி வந்த சரக்கை நாம் ஏற்றுக்கொண்டால், ஏற்கும் நேரத்திலேயே நஷ்டஈடு கேட்கப்போவதாக அறிவித்திருந்தால் ஒழிய, பிறகு கேட்க முடியாது என்கிறது. குறிப்பிட்ட ஒப்பந்தத்தில் நேரம் அப்படிப்பட்டதுதானா என்பதில் வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். பெரிய தொகை என்றால் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் "ஏற்கும் நேரத்தில்" என்பது எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம். சரக்கு ஏற்கப்படுவது ஆபீசில் இல்லை, கேட்டில். லாரி வந்து நிற்கும்போது டி.சி.யில் கையெழுத்துப் போடுபவர் ஸ்டோர் கீப்பர். "ஜூலை 10 வரவேண்டியது, தாமதமாகப் பெறப்பட்டது, நஷ்டஈடு உரிமைக்கு உட்பட்டது" என்று கையெழுத்துக்கு மேலே எழுதி, படமெடுத்து, அன்றே மின்னஞ்சலில் அனுப்ப அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த வேளையில் மெர்ச்சண்டைசர் கேட்டில் இருக்க மாட்டார்.