எந்த எடைக்கு மருந்து?

சிறுநீரகத் தொற்றும் குளிர்க்காய்ச்சலுமாக மருத்துவமனையில் சேரும் 45 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 160 செ.மீ., எடை 105 கிலோ. மருத்துவர் ஜென்டாமைசின் ஊசி எழுதுகிறார். நாளுக்கு ஒரு முறை, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. பெருக்கினால் 525 மில்லிகிராம். அதை அப்படியே ஏற்றிவிடக் கூடாது.

ஜென்டாமைசின் நீரில் கரையும் மருந்து. ரத்தத்திலும், செல்களைச் சுற்றியுள்ள நீரிலும்தான் அது பரவும்; கொழுப்புக்குள் புகாது. இந்தப் பெண்ணின் எடையில் பெரும்பங்கு கொழுப்பு என்பதால், 105 கிலோவுக்குக் கணக்கிட்ட மருந்து முழுவதும் அதைவிடக் குறைவான நீருக்குள் நெருக்கியடித்து நிற்கும். அந்த மிகுதி சிறுநீரகத்தையும் உள்காதையும் தாக்கும். சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். உள்காதின் நுண்ணிய உணர்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

அப்படியானால் உயரத்துக்கேற்ற எடையை வைத்துக் கணக்கிடலாமே? அந்த எடைக்கு ஒரு சூத்திரம் உண்டு. டிவைன் என்பவர் 1974இல் இதே ஜென்டாமைசின் பற்றிய கட்டுரையில் தந்தது. ஐந்தடி உயரப் பெண்ணுக்கு 45.5 கிலோ, ஆணுக்கு 50 கிலோ; அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 2.3 கிலோ. நம் நோயாளி ஐந்தடி மூன்று அங்குலம். எனவே 52.4 கிலோ. இதன்படி மருந்து 262 மில்லிகிராம்தான். இது போதாது. கூடுதலாக உள்ள 52.6 கிலோவும் வெறும் கொழுப்பல்ல. அந்தப் பாரத்தைச் சுமக்கும் உடலில் தசையும் ரத்தமும் கூடியிருக்கும். கொழுப்புத் திசுவுக்கு உள்ளேயும் ஓரளவு நீர் இருக்கும். ஜென்டாமைசின் ரத்தத்தில் உச்ச அளவைத் தொட்டால்தான் கிருமியைக் கொல்லும். குறைத்துப் போட்டால் காய்ச்சல் அடங்காது.

ஆகவே கூடுதல் எடையில் 40 சதவீதத்தை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். 52.6 கிலோவில் 40 சதவீதம் 21 கிலோ, 52.4 உடன் கூட்டினால் 73.4. இதுதான் திருத்திய எடை. மருந்து 367 மில்லிகிராம் வருகிறது; 360 என்று வைத்துக்கொள்ளலாம். 80 மில்லிகிராம் குப்பியில் 2 மி.லி. இருக்கும் என்பதால் நான்கரைக் குப்பி, அதாவது 9 மி.லி. அதைச் சலைனில் கலந்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள்.

அந்த 40 சதவீதம் ஒரு சராசரிதான். அதனால் அடுத்த ஊசிக்கு முன் ரத்தத்தில் மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் கிரியேட்டினினைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது, ஆனால் அது ஏறுவதற்குள் பாதிப்பு தொடங்கியிருக்கும். காதில் இரைச்சல், தலைசுற்றல், இருட்டில் நடக்கத் தள்ளாட்டம் என்று நோயாளி சொன்னால் உடனே கவனிக்க வேண்டும். இன்னொரு சிக்கல், டிவைன் சூத்திரம் ஐந்தடிக்கு மேல்தான் பேசுகிறது. நம் ஊரில் அதற்குக் குறைவான உயரமுள்ள பெண்கள் ஏராளம். அவர்களுக்கு மருத்துவர் தன் அனுபவத்தைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

இந்தத் திருத்தத்தை எல்லா மருந்துக்கும் நீட்டுவது பெரிய தவறு. ரத்தக்கட்டிக்கான சிகிச்சையில் தரும் எனாக்ஸாபரின் ஊசியை உண்மையான எடைக்கே கணக்கிடுகிறார்கள். வான்கோமைசினின் முதல் டோஸும் அப்படித்தான், உச்சவரம்பு ஒன்று வைத்துக்கொண்டு. புற்றுநோய்க்கான கீமோதெரபியிலும், நோயைக் குணப்படுத்துவது நோக்கமாக இருக்கும்போது, முழு எடைக்கே மருந்து தர வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012இல் வழிகாட்டியது. பருமனைக் கண்டு பயந்து குறைத்தால் கட்டி தப்பிவிடும்.

சாப்பாட்டுக் கணக்கிலும் இதே எடை நுழைகிறது. படுக்கையில் இருப்பவருக்குக் கிலோவுக்கு 25 கலோரி என்று போட்டால், 105 கிலோவுக்கு 2,625 ஆகிவிடும். கொழுப்பு தசையைவிடக் குறைவாகவே கலோரியை எரிக்கும் என்பதால் இது மிகை. திருத்திய எடைக்கு 1,835 வருகிறது. கூடுதல் எடையில் 25 சதவீதம் மட்டும் சேர்க்கும் டயட்டீஷியன்களும் உண்டு. அவர்கள் கணக்கில் சுமார் 1,640.

ஆனால் 1990இல் வந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறவர் உண்மையான எடையையே போட வேண்டும். பருமனானவர்களையும் சேர்த்து அளந்துதான் அது உருவாக்கப்பட்டது. திருத்தம் அதற்குள்ளேயே இருக்கிறது. நம் நோயாளிக்கு ஓய்வுநிலைத் தேவை 1,664 கலோரி என்று அது காட்டும். அதில் 73.4 கிலோவைப் போட்டால் ஒரே எடையை இரண்டு முறை கழித்ததாகி, 1,348க்கு இறங்கிவிடும். காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு நாள்தோறும் 300 கலோரிக்கு மேல் குறைந்தால், கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும்.