கடைசிக் கட்டத்தில் ஒட்டிக்கொண்ட எழுத்து

திரையில் ஆறு பில்கள். ஆறுக்கும் நேரே PAID என்றுதான் இருக்கிறது. ஆனால் PAID ஆனவற்றை மட்டும் எடுத்துக் கொடு என்று கணினியிடம் கேட்டால் மூன்றுதான் வருகின்றன. மீதி மூன்றும் கண்ணெதிரே இருந்தும் தேடலில் அகப்படுவதில்லை.

பட்டியல் ஒரு மொத்த வியாபாரியுடையது என்று வைத்துக்கொள்வோம். கடை கவுன்ட்டரில் விண்டோஸ் கணினியில் ஓடும் பில்லிங் மென்பொருள். ஆன்லைன் ஆர்டர்களுக்கு லினக்ஸ் சர்வரில் ஓடும் இணையக் கடை. இரவானதும் இரண்டும் அன்றைய வசூலை ஆளுக்கொரு சிஎஸ்வி ஃபைலாக எழுதித் தருகின்றன. ஒவ்வொரு வரியிலும் காற்புள்ளி பிரித்த மூன்று விவரங்கள்: பில் எண், தொகை, நிலை. இரண்டு ஃபைல்களையும் ஒரே கட்டளையைக் கொண்டு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஒரே அட்டவணையில் ஏற்றுகிறார்கள். ஏற்றும்போது பிழை எதுவும் வரவில்லை. பதிவுகளின் எண்ணிக்கை சரி. தொகைகளைக் கூட்டிப் பார்த்தால் அதுவும் சரி. வில்லங்கம் வரி முடியும் இடத்தில் இருக்கிறது.

சிஎஸ்வி ஃபைலுக்குள் உண்மையில் வரிகள் என்று எதுவும் இல்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எல்லாம் ஒரே நீளத் தொடர்தான். ‘இங்கே வரி முடிகிறது’ என்று சொல்லும் அடையாளங்கள் நடுநடுவே இருக்கும். அவை திரையில் தெரியாது. லினக்ஸ் உலகில் அந்த அடையாளம் ஒன்றே ஒன்று: 10 என்ற எண்ணுள்ள ‘லைன் ஃபீட்’. நிரல்களில் இதை `\n` என்று எழுதுவார்கள். விண்டோஸ் உலகில் அடையாளம் இரட்டை: முதலில் 13 என்ற எண்ணுள்ள ‘கேரேஜ் ரிட்டர்ன்’, அதாவது `\r`, அதன்பின் 10.

மைஎஸ்க்யூஎல்லின் `LOAD DATA` கட்டளைக்கு வேறெதுவும் சொல்லாவிட்டால், 10-ஐக் கண்டதும் வரி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். இணையக் கடையின் ஃபைலுக்கு இது பொருந்திவிடுகிறது. கவுன்ட்டர் ஃபைலில் 10-க்கு முன்னால் ஒரு 13 நிற்கிறதே, அதை என்ன செய்யும்? வரிமுடிவின் பாதி என்று அதற்குத் தெரியாது. நிலை என்ற கட்டத்தின் கடைசி எழுத்தாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆக, கவுன்ட்டர் பில்களின் PAID எல்லாம் ஐந்தெழுத்துச் சொற்கள். நான்கெழுத்து PAID-ஐத் தேடினால் அவை எப்படி வரும்? எண்ணிக்கையும் கூட்டலும் சரியாக வந்த காரணமும் இதுதான். ஒட்டிக்கொண்ட எழுத்து கடைசிக் கட்டத்தை மட்டுமே தொடுகிறது. பில் எண்ணும் தொகையும் தப்பிவிடுகின்றன.

இப்படி ஒன்று நடந்தால் எவருக்கும் முதலில் வருவது ‘பின்னால் வெற்றிடம் இருக்குமோ’ என்ற சந்தேகம். உடனே `TRIM` போட்டுப் பார்ப்பார்கள். ஒன்றும் மாறாது, ஏனென்றால் மைஎஸ்க்யூஎல்லின் `TRIM` தனியாகச் சொல்லாதவரை வெற்றிடத்தை மட்டுமே வெட்டும், 13-ஐத் தொடாது. உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் எழுத்துகளை எண்களாகக் காட்டச் சொல்ல வேண்டும்:

```
SELECT bill, LENGTH(nilai), HEX(nilai) FROM vasool;
```

இணையக் கடை பில்லுக்கு 4, `50414944` என்று வரும். கவுன்ட்டர் பில்லுக்கு 5, `504149440D` என்று வரும். ஆசாமி அந்தக் கடைசி `0D`தான். 13-ஐப் பதினாறின் அடுக்கில் எழுதினால் அப்படித்தான் வரும்.

ஒரு வரியை முடிக்க எதற்கு இரண்டு எழுத்துகள்? தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் ‘லோயர்’ எழுதியவர்களுக்குப் பதில் கையிலேயே இருக்கிறது. வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கும். காகிதம் ஒரு வரி மேலே ஏறும். உருளை தாங்கிய வண்டி தொடக்கத்துக்குத் திரும்பும். தந்திக் கம்பி வழியே எழுத்துகளை வாங்கி அச்சடித்த டெலிடைப் இயந்திரங்களில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனிக் கட்டளை இருந்தது. 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்பும் அச்சுத்தலைக்கு ஓர் எழுத்துக்கான நேரம் போதாது. அதனால் திரும்பும் கட்டளையை முதலில் அனுப்பி, அது ஓடிவந்துகொண்டிருக்கும்போதே காகிதத்தை ஏற்றும் கட்டளையையும் அனுப்பிவிடுவார்கள். முதலில் 13, பிறகு 10 என்ற வரிசை இன்றுவரை மாறவில்லை.

யுனிக்ஸை உருவாக்கியவர்கள், அதற்கு முந்தைய மல்டிக்ஸின் வழியில், ஃபைலுக்குள் 10 மட்டும் போதும், அச்சடிக்கும் நேரத்தில் 13-ஐச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். லினக்ஸுக்கு அந்தப் பழக்கம் வந்தது. சிபி/எம், எம்எஸ்-டாஸ் வழியாக விண்டோஸுக்கு இரட்டை அடையாளம் வந்தது. பழைய மெக்கின்டாஷ் போதாக்குறைக்கு 13-ஐ மட்டும் வைத்துக்கொண்டது. 2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் யுனிக்ஸ் வழிக்கு மாறியது. விண்டோஸின் நோட்பேட், லினக்ஸ் ஃபைலைத் திறந்தால் எல்லாவற்றையும் ஒரே நீள வரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. 2018-இல்தான் அதற்கு 10-ஐ மட்டும் வைத்து வரி பிரிக்கத் தெரிந்தது.

இதுவரை சொன்னது, பதிவுகள் பிழைத்து ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக ஒட்டிய கதை. பதிவே காணாமல் போகும் கதையும் உண்டு. பில்லிங் மென்பொருள் ஒவ்வொரு விவரத்தையும் மேற்கோள் குறிக்குள் எழுதுவதாகக் கொள்வோம்:

```
"1001","450","PAID"
"1002","300","PAID"
"1003","900","PAID"
"1004","120","PAID"
```

கட்டளையிலும் `ENCLOSED BY '"'` என்று சொல்லியாயிற்று. மைஎஸ்க்யூஎல்லின் விதிப்படி, ஒரு மேற்கோள் குறியை அடுத்துக் காற்புள்ளியோ வரிமுடிவோ உடனே வந்தால்தான் அந்தக் கட்டம் மூடப்பட்டதாக அர்த்தம். முதல் வரியின் PAID-க்குப் பிறகு மேற்கோள் குறி வருகிறது. அடுத்து நிற்பதோ 13. ஆகவே கட்டம் மூடவில்லை. வாசிப்பு அப்படியே இரண்டாம் வரிக்குள் நுழைந்து 1002-ஐ விழுங்கி, அதன்பின் வரும் மேற்கோள்-காற்புள்ளியில்தான் நிற்கிறது. மூன்று கட்டமும் நிரம்பிவிட்டதால் இரண்டாம் வரியில் மீதியிருப்பதை உபரி என்று தள்ளிவிட்டு மூன்றாம் வரிக்குப் போகிறது. 1003-க்கும் 1004-க்கும் அதே கதி. நான்கு பில் ஏற்றினால் இரண்டு பதிவுதான் மிஞ்சும்.

ஒன்றுவிட்டு ஒரு வரி காணவில்லை என்றால் ஏதோ நிரலில் எண்ணிக்கை தவறிவிட்டது என்று தேடத் தோன்றும். வரிமுடிவின் பக்கம் யாருக்கும் நினைவு போகாது. `LOAD DATA LOCAL` என்று ஏற்றியிருந்தால் பிழையும் வராது, எச்சரிக்கை மட்டுமே வரும். ஏற்றி முடிந்ததும் `SHOW WARNINGS` என்று கேட்கிற வழக்கம் உள்ளவர்களுக்கு, உள்ளீட்டுக் கட்டங்களைவிட வரியில் தரவு அதிகம் என்ற குறிப்பு காணக் கிடைக்கும்.

விஷயம் புரிந்தவர் ஒருவர் கட்டளையில் `LINES TERMINATED BY '\r\n'` என்று சேர்க்கிறார். கவுன்ட்டர் ஃபைல் சரியாகிவிடுகிறது. அதே கட்டளைக்கு இணையக் கடையின் ஃபைல் வந்தால் நிலைமை தலைகீழ். அந்த ஃபைலில் 13 என்பதே கிடையாது என்பதால் முழு ஃபைலும் ஒரே வரி. தலைப்பு வரியைத் தாண்டச் சொல்லி `IGNORE 1 LINES` இருந்தால் ஃபைல் மொத்தமும் தலைப்பாகி, பூஜ்யம் பதிவு ஏறும். மூன்று கோளாறுகளில் இது நல்ல ரகம் என்றே சொல்ல வேண்டும். ஒன்றுமே ஏறாததை மறுநாள் காலையிலேயே யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். ஒட்டிய எழுத்தோ மாதக்கணக்கில் வசூல் அறிக்கைகளைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

மற்றத் தரவுத்தளங்களுக்கு வேறு குணம். எஸ்க்யூஎல் சர்வரின் `BULK INSERT`-இல் வரிமுடிவு `'\n'` என்று எழுதினாலும் அது தானாக ஒரு `\r` சேர்த்துக்கொள்ளும். லினக்ஸ் ஃபைலுக்கு `'0x0a'` என்றே எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸ், முதல் வரியின் முடிவைப் பார்த்து ஃபைலின் வழக்கம் இன்னது என்று தானே முடிவு செய்யும். இரண்டு கடை ஃபைல்களையும் முன்கூட்டியே ஒன்றாக ஒட்டி அனுப்பினால், வழக்கம் மாறும் இடத்தில் பிழை சொல்லி நின்றுவிடும். கறார்தான். ஆனால் பாதி தவறாக ஏற்றிவிட்டுச் சும்மா இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வழி என்னவென்றால், ஏற்றுவதற்கு முன்பே இரண்டு ஃபைல்களையும் ஒரே வழக்கத்துக்குக் கொண்டுவருவதுதான். லினக்ஸில் `dos2unix` என்ற சிறு நிரல் 13-10 ஜோடியை வெறும் 10 ஆக்கும். ஏற்கெனவே 10 மட்டும் உள்ள ஃபைலை மாற்றாது. எனவே எது எந்த ஃபைல் என்று பார்க்காமல் இரண்டின் மீதும் ஓட்டலாம். கட்டளையில் `LINES TERMINATED BY '\n'` என்று வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. முன்பே ஏறிவிட்ட பதிவுகளில் ஒட்டியிருக்கும் எழுத்தை இப்படி நீக்கலாம்:

```
UPDATE vasool SET nilai = TRIM(TRAILING '\r' FROM nilai);
```

விழுங்கப்பட்ட பதிவுகளுக்கு இது உதவாது. அவற்றை மூல ஃபைலிலிருந்து மறுபடி ஏற்றியே ஆக வேண்டும்.

எதிர்த்திசையில் மாற்றும் `unix2dos`-ஐ ஓட்டும்போது எச்சரிக்கை தேவை. எக்ஸெலில் Alt+Enter அழுத்தி ஒரே கட்டத்துக்குள் முகவரியை இரண்டு வரியாக எழுதினால், அந்தக் கட்டத்துக்குள் வெறும் 10 இருக்கும். அதற்கும் முன்னால் ஒரு 13 முளைத்துவிடும். முகவரியின் நடுவில் ஒளிந்திருக்கும் அதைக் கட்டத்தின் ஓரத்தை வெட்டும் எந்தக் கட்டளையும் பிடிக்காது.

ஃபைல் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பதை வைத்து வரிமுடிவை ஊகிக்கவும் முடியாது. பைதானின் `csv` தொகுதி லினக்ஸில் ஓடினாலும் இயல்பாக 13-10 என்றே எழுதும். அதே நிரலை விண்டோஸில் `newline=''` போடாமல் ஓட்டினால் 13-13-10 என்று எழுதி, எக்ஸெலில் ஒவ்வொரு வரிக்கும் இடையே ஒரு வெற்று வரியைக் காட்டும். லினக்ஸில் `cat -A` கட்டளை கொடுத்தால் 13 இருக்கும் இடத்தில் `^M` தெரியும். விண்டோஸ் நோட்பேடின் கீழ்ப்பட்டையில் `Windows (CRLF)` அல்லது `Unix (LF)` என்று எழுதியிருக்கும். ஃபைல் போகும் வழியிலும் வரிமுடிவு மாறலாம்: எஃப்டிபியை உரை முறையில் வைத்து அனுப்பினால் மாறும், கிட்டில் `core.autocrlf` அமைப்பு இயங்கினால் விண்டோஸில் எடுக்கும்போது மாறும். சோதனைக்கான மாதிரி சிஎஸ்வி ஃபைல்களை கிட்டில் வைத்திருப்பவர்கள் `.gitattributes`-இல் `*.csv -text` என்று ஒரு வரி சேர்த்தால், அவை எழுதப்பட்டபடியே எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேரும்.