நாலு பைசா எங்கிருந்து வந்தது?

கடைக்காரர் கொடுத்த பில்லில் 420 ரூபாய். அதே பொருள், அதே விலை, அதே ஜிஎஸ்டி விகிதத்தை வாங்கியவரின் கணக்காளர் தன் கணினியில் ஏற்றினால் 419 ரூபாய். யாரும் தப்பாகக் கூட்டவில்லை. வரியை முழு பைசாவுக்குக் கொண்டுவரும் வேலையை ஒருவர் ஒவ்வொரு பொருளிலும் செய்திருக்கிறார், இன்னொருவர் பில்லின் அடியில் ஒரே தடவை செய்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் ஒரு ஹார்டுவேர் கடை பில்லை எடுத்துக்கொள்வோம். வாஷர் பாக்கெட் 37.50, பிவிசி எல்போ 62.50, டெஃப்லான் டேப் 87.50, நிப்பிள் 112.50. மொத்தம் 300 ரூபாய். வரி 18 சதவீதம், அதாவது மத்திய ஜிஎஸ்டி 9, மாநில ஜிஎஸ்டி 9. மொத்தத்துக்கு 9 சதவீதம் போட்டால் 27 ரூபாய். இரண்டும் சேர்த்து 54. பில் தொகை 354.

இப்போது பொருள் வாரியாகப் போட்டுப் பாருங்கள். 37.50க்கு 9 சதவீதம் 3.375. அரை பைசாவைப் பில்லில் எழுத முடியாது என்பதால் 3.38 ஆகிறது. அதேபோல 5.625 என்பது 5.63 ஆகவும், 7.875 என்பது 7.88 ஆகவும், 10.125 என்பது 10.13 ஆகவும் ஏறுகின்றன. கூட்டினால் 27.02. மாநில வரியிலும் இதே கதை. பில் தொகை 354.04. நாலு பொருளிலும் தலா அரை பைசா ஏறி, இரண்டு வரியிலும் சேர்ந்து நாலு பைசா ஆகிவிட்டது.

சில்லறையை ரூபாய்க்குச் சரிசெய்தால் இரண்டுமே 354தானே என்று தோன்றும். எப்போதும் அப்படி அமையாது. இதே பில்லில் தள்ளுபடி போக 55.48க்கு ஒரு பைப் சொல்யூஷனைச் சேருங்கள். மொத்தத்தில் வரி போட்டால் 419.46, பொருள் வாரியாகப் போட்டால் 419.50. ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஏற்றுவது, குறைந்தால் விடுவது என்பதுதான் வழக்கம். ஆகவே ஒன்று 419, மற்றது 420. நாலு பைசா ஒரு ரூபாயாகிவிட்டது.

இதே சரக்கு பெங்களூருக்குப் போனால் என்ன ஆகும்? அங்கே ஐஜிஎஸ்டி என்று ஒரே வரிதான், முழு 18 சதவீதம். 37.50க்கு 6.75, அரை பைசாவே இல்லை. மற்ற மூன்றுக்கும் அப்படியே. ஐந்து பொருளையும் எந்த வழியில் போட்டாலும் 419.47தான் வருகிறது. உள்ளூர் பில்லில் வித்தியாசத்தைக் கிளப்பியது, 6.75ஐ இரண்டு சம பங்காகப் பிரிக்க முடியாததுதான்.

ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு, செலுத்தவேண்டிய வரியை அருகிலுள்ள ரூபாய்க்குத் திருத்தச் சொல்கிறது. பில்லுக்குள் பைசாவை எந்த இடத்தில் திருத்துவது என்பதை அது சொல்லவில்லை. அதனால்தான் பில்லிங் மென்பொருள்கள் ஆளுக்கொரு வழியில் போகின்றன.

வித்தியாசம் இதனால்தான் வந்ததா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பொருளில் ஒரு வரிக்கு அதிகபட்சம் அரை பைசாதான் நகரும். இரண்டு வரி உள்ள உள்ளூர் பில்லில், ரூபாய்க்குத் திருத்தும் முன், எத்தனை பொருளோ அத்தனை பைசா, அடியில் நடக்கும் திருத்தத்துக்காக இன்னும் ஒரு பைசா. அதுதான் எல்லை. ஐந்து பொருள் பில்லில் ஆறு பைசாவுக்கு மேல் இடித்தால் பைசாவைத் தேடாதீர்கள். ஏதோ ஒரு பொருளின் வரி விகிதமோ தள்ளுபடியோ தவறாக ஏறியிருக்கிறது.

எந்த வழி நல்லது? பொருள் வாரியான வழியே என்பேன். இ-இன்வாய்ஸ் ஒவ்வொரு பொருளின் வரித்தொகையையும் தனியாகக் கேட்கிறது. சரக்கு திரும்பி வரும்போதும் அதுதான் கைகொடுக்கும். மொத்தத்தில் 27 ரூபாய் வாங்கிய கடை, நாலு பொருளும் ஒவ்வொன்றாகத் திரும்பினால் 27.02 கொடுக்க நேரும். பொருள் வாரியாக வாங்கியிருந்தால், வாங்கியதையே திருப்பிக் கொடுக்கலாம்.

பில்லை வாங்கிக் கணக்கில் ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மென்பொருள் போடும் வரியை எழுதாதீர்கள். விற்றவர் பில்லில் அச்சாகியிருக்கும் வரியையே எழுதுங்கள். ஜிஎஸ்டிஆர்-2பியில் உங்களுக்கு வந்து நிற்பது அவர் ஏற்றிய தொகைதான். ரூபாய்க்குத் திருத்திய சில்லறையை ‘ரவுண்ட் ஆஃப்’ கணக்கில் போடுங்கள். வரித் தொகையில் கை வைக்க வேண்டாம்.