வேலையை விடும்போது கேட்டு வாங்க வேண்டிய கடிதம்

ராஜினாமா கொடுத்ததும் பி.எப்., கிராஜுவிட்டி, ரிலீவிங் லெட்டர் என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறோம். கம்பெனி போட்டுத் தந்த குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் என்ன ஆகும் என்று மட்டும் பலரும் கேட்பதில்லை. பாலிசி ஆண்டு மார்ச் வரை ஓடினாலும், உங்களுக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு பொதுவாகக் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். சொந்தப் பணம் கட்டி அதே குரூப் பாலிசியில் நீடிக்கவும் வழியில்லை. அது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கானது.

ஆனால் அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் அல்லது குடும்ப பாலிசிக்கு மாறிக்கொள்ளும் உரிமையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தந்திருக்கிறது. இதன் பெயர் மைக்ரேஷன். வேறு நிறுவனத்துக்குப் போவது போர்ட்டபிலிட்டி. எச்.ஆர். கடிதங்களில் இந்த இரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன. விலகுகிறவருக்கு உறுதியான பாதை, முதலில் அதே நிறுவனத்தில் தனி பாலிசிக்கு மாறி, அடுத்த புதுப்பித்தலின்போது வேண்டுமானால் வேறு நிறுவனத்துக்குப் போவதுதான்.

மாறுவதால் என்ன லாபம்? கோவையில் ஒரு தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். குரூப் பாலிசியில் 5 லட்சம் ரூபாய் பாதுகாப்பு. மனைவி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார். சர்க்கரை நோயுள்ள அம்மாவை இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் சேர்த்தார். அவர் புதிதாக ஒரு பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024 முதல் அதுதான் உச்ச வரம்பு. மைக்ரேஷனில் மாறினால் அம்மாவின் இரண்டு ஆண்டுகள் கணக்கில் வரும். மீதி ஓராண்டு காத்திருந்தால் போதும். மனைவிக்குக் காத்திருப்பே இல்லை. ஆனால் இந்தச் சலுகை பழைய 5 லட்சம் வரைதான். 10 லட்சத்துக்கு பாலிசி எடுத்தால், கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

குரூப் பாலிசியின் வசதிகள் எல்லாம் கூடவே வராது. பிரசவச் செலவு, முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்குப் பாதுகாப்பு போன்றவை புது பாலிசியில் இல்லாமல் போகலாம். பிரீமியம் வயதைப் பொறுத்தது. நிறுவனம் மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், அம்மாவுக்குக் கூடுதல் பிரீமியமும் கேட்கலாம். புது கம்பெனி பெற்றோரையும் சேர்த்து பாலிசி தருவதாக இருந்தாலும், அந்த வேலையும் ஒருநாள் மாறும் என்பதால் அம்மாவுக்காவது தனி பாலிசி வைத்திருப்பதே நல்லது என்பேன்.

இனி கடிதத்துக்கு வருவோம். "தங்கள் குரூப் மருத்துவக் காப்பீடு ஜூலை 31 நள்ளிரவோடு முடிகிறது. அதே நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற விரும்பினால் இந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்கவும்" என்று தேதிகளோடு அதில் இருக்க வேண்டும். கூடவே நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், உறுப்பினர் எண், காப்பீட்டுத் தொகை, குடும்பத்தில் ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, எடுத்த கிளெய்ம்கள். இதில் சேர்ந்த தேதிதான் உயிர்நாடி. அம்மா இரண்டு ஆண்டுகள் பாலிசியில் இருந்தார் என்பதற்கு வேறு என்ன ஆதாரம் காட்ட முடியும்? பிரீமியம் குறைகிறது என்று கம்பெனி நடுவில் இன்சூரன்ஸ் நிறுவனத்தை மாற்றியிருந்தால், பழைய ஆண்டுகளின் பாலிசி எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விண்ணப்பிக்கும் கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் பாலிசியின் விதிமுறையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பரிசோதனைக்கும் பரிசீலனைக்கும் நாள் பிடிக்கும் என்பதால், நோட்டீஸ் காலத்தின் முதல் வாரத்திலேயே விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்பி, வந்து சேர்ந்ததற்கான பதிலையும் வாங்கி வைத்துவிடுங்கள். பெரும்பாலும் கோளாறு நடப்பது இங்கேதான்: கடிதம் ரிலீவிங் லெட்டரோடு சேர்ந்து கடைசி நாளில் கைக்கு வரும், அதற்குள் எச்.ஆர். பெயரை நீக்கும் பட்டியலை அனுப்பியிருப்பார்கள். உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று டி.பி.ஏ.வின் செயலியில் மின் அட்டையைத் திறந்து பாருங்கள்.

மாற்றித் தர மறுத்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கேயும் தீராவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் செய்யலாம். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது.

எச்.ஆர். துறையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ராஜினாமா ஏற்கப்பட்ட வாரத்திலேயே இந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். கடைசி நாளில் கொடுத்தால், அம்மாவின் இரண்டு ஆண்டுகளைக் காப்பாற்ற அவருக்கு அவகாசமே இருக்காது.