கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது?

பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் விகிதப் பகுப்பாய்வு தொடங்கிவிட்டால் மாணவர்களின் நோட்டு வேகமாக நிரம்பும். ஆசிரியர் ஒன்றரை மணி நேரம் விளக்குவார், பலகை முழுக்கச் சூத்திரங்கள் ஏறும். தேர்வுக்கு முதல் நாள் அத்தனை பக்கங்களையும் புரட்ட முடியாது என்பதால் பலர் எல்லாவற்றையும் ஒரே தாளில் அட்டவணையாக்கிக்கொள்கிறார்கள். விகிதத்தின் பெயர், சூத்திரம், பொருள், விளக்கம் என நான்கு கட்டங்கள்.

முதல் இரண்டு கட்டங்களைப் புத்தகத்தைப் பார்த்தே நிரப்பிவிடலாம். வகுப்பில் உட்கார்ந்து கேட்டவருக்கு மட்டும் கிடைப்பது கடைசிக் கட்டம். பெரும்பாலான அட்டவணைகளில் அங்கேதான் 'அதிகமாக இருந்தால் நல்லது' என்ற ஒரு வரியோடு வேலை முடிந்துவிடுகிறது. அந்த வரி பல நேரங்களில் தவறு.

நடப்பு விகிதத்தை எடுத்துக்கொள்வோம். நடப்புச் சொத்துகளை நடப்புப் பொறுப்புகளால் வகுக்க வேண்டும். ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடனுக்கு, ஓராண்டுக்குள் பணமாகக்கூடிய சொத்து எத்தனை மடங்கு கையில் இருக்கிறது என்பதே பொருள். 2:1 இருந்தால் போதும் என்பார்கள். விரைவு விகிதத்தில் அதே சொத்திலிருந்து சரக்கிருப்பையும் முன்கூட்டிச் செலுத்திய செலவுகளையும் கழித்துவிட்டு வகுக்கிறோம். இதற்கு 1:1 போதும்.

ஏன் கழிக்கிறோம்? சரக்கை விற்றால்தான் பணம், விற்கும் என்பதற்கு உறுதியில்லை. முன்பே கட்டிவிட்ட காப்பீட்டுத் தொகையைக் கொண்டு யாருடைய கடனையும் அடைக்க முடியாது. பாடம் கேட்கும்போது இப்படி 'இதைச் சேர்க்கக் கூடாது', 'ஏனென்றால்' என்று ஆசிரியர் சொல்லும் இடங்களைத்தான் முதலில் பிடித்து எழுத வேண்டும்.

ஒரு ஜவுளிக்கடையின் கணக்கை வைத்துப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. சரக்கு 3,60,000 ரூபாய், வாடிக்கையாளர் தர வேண்டியது 1,60,000, ரொக்கமும் வங்கி இருப்பும் 60,000, முன்கூட்டிக் கட்டிய செலவு 20,000. ஆக நடப்புச் சொத்து 6,00,000. நடப்புப் பொறுப்பு 3,00,000. நடப்பு விகிதம் சரியாக 2:1, குறை சொல்ல முடியாது. விரைவுச் சொத்தோ 2,20,000 மட்டுமே, விரைவு விகிதம் 0.73:1. சொத்தில் பாதிக்கு மேல் அலமாரியில் துணியாக இருக்கிறது என்பதை இரண்டாவது எண்தான் காட்டிக்கொடுக்கிறது.

இப்போது ஆண்டு முடிவதற்கு முதல் நாள் கடைக்காரர் 50,000 ரூபாய் எடுத்துச் சரக்கு கொடுத்தவரின் பாக்கியை அடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொத்து 5,50,000, பொறுப்பு 2,50,000. நடப்பு விகிதம் 2.2:1 என்று உயர்ந்துவிடும். கடையின் நிலை மேம்பட்டதா? கையிருப்பு 10,000-க்கு இறங்கிவிட்டது, விரைவு விகிதம் 0.68:1 ஆகச் சரிந்துவிட்டது. ஒரே செயல் ஒரு விகிதத்தை ஏற்றி, மற்றொன்றை இறக்குகிறது. விகிதம் 1-க்கு மேல் இருந்தால், மேலேயும் கீழேயும் ஒரே தொகையைக் கழிக்கும்போது அது கூடும். 1-க்குக் கீழ் இருந்தால் குறையும். இந்த இரண்டு வரியும் கடைசிக் கட்டத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும். தேர்வில் 'பாக்கியைச் செலுத்தினால் விகிதம் என்னாகும்' என்று கேட்டால் சூத்திரம் மட்டும் தெரிந்தவர் இங்கேதான் தடுமாறுவார்.

2:1 என்ற அளவுகோலும் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனத்துக்குப் பல ஆண்டுகளாக நடப்பு விகிதம் 1-க்கும் கீழேதான். வாடிக்கையாளர் உடனே பணம் தந்துவிடுகிறார், சரக்கு கொடுத்தவருக்குப் பிறகுதான் கட்ட வேண்டும் என்பதால் அதற்கு அது போதும். அட்டவணையில் அளவுகோலை எழுதும்போது, எந்த வகைத் தொழில் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்வது நல்லது.

நம் ஜவுளிக்கடையின் விரைவு விகிதம் குறைந்திருப்பதைப் பார்த்தவுடன் கண் போக வேண்டிய இடம் சரக்கிருப்புச் சுழற்சி விகிதம். ஆகவே விளக்கக் கட்டத்தில் 'அடுத்து இதைப் பார்' என்று ஓர் அம்புக்குறி போடலாம். விற்ற சரக்கின் அடக்கவிலை 9,00,000. ஆண்டுத் தொடக்கச் சரக்கு 2,40,000, இறுதிச் சரக்கு 3,60,000, சராசரி 3,00,000. வகுத்தால் 3 மடங்கு. அதாவது வாங்கிய சரக்கு விற்க சராசரியாக நான்கு மாதம் ஆகிறது. விடையின் அலகு மாறுவதைக் கவனியுங்கள்: முந்தைய இரண்டும் 1-க்கு இவ்வளவு என்று வந்தன, இது மடங்கு, மொத்த இலாப விகிதம் சதவீதம். அட்டவணையில் அலகுக்கும் சிறு இடம் ஒதுக்கினால், மடங்கில் வர வேண்டிய விடையைச் சதவீதமாக எழுதும் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த நான்கு மாதத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தீபாவளிக்கு முன் குவிந்து, அதன்பின் வடியும் துணிச் சரக்கு, ஏப்ரல் 1, மார்ச் 31 என்ற இரு நாள் கணக்கில் தெரியாது. அந்தச் சராசரியால் சுழற்சி உள்ளதைவிட வேகமாகத் தோன்றும். மாதவாரிச் சரக்குக் கணக்கு கிடைத்தால் பன்னிரண்டு மாதச் சராசரியைக் கொண்டு மீண்டும் வகுத்துப் பார்க்க வேண்டும்.