ஜெராக்ஸ் சாட்சி சொல்லுமா?

கடன் கொடுத்தவர் புரோநோட்டை வைத்து முழுத்தொகை கேட்டு வழக்குப் போடுகிறார். வாங்கியவரோ 2 லட்சம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிறார். கொடுத்ததற்கு ரசீதும் உண்டு. ஆனால் கணக்குப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கடன் கொடுத்தவரே அதை வாங்கிப்போய்விட்டார். இவர் கையில் மிஞ்சியிருப்பது ஜெராக்ஸ் மட்டும். அதை நீதிமன்றம் ஏற்குமா?

ஆவணத்தின் வாசகத்தை நிரூபிக்க அசலையே காட்ட வேண்டும் என்பது பொது விதி. அசல்தான் முதல்நிலைச் சான்று. ஜெராக்ஸ் இரண்டாம் நிலைச் சான்று. அசல் ஏன் வரவில்லை என்பதற்குச் சட்டம் ஏற்கும் காரணம் இருந்தால்தான் அதற்கு இடம். முன்பு 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 65ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 60ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

அசல் எதிராளியிடம் இருப்பது அப்படியொரு காரணம். ஆனால், 'அவரிடம்தான் இருக்கிறது' என்று கூண்டில் ஏறிச் சொன்னால் போதாது. ரசீதைத் தாக்கல் செய்யும்படி அவருக்கோ அவருடைய வக்கீலுக்கோ முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நியாயமான அவகாசம் கொடுத்தும் அவர் கொண்டுவராவிட்டால் ஜெராக்ஸுக்குக் கதவு திறக்கும். அசல் தொலைந்துபோனாலும் கதவு உண்டு. ஆனால் அது தன் அலட்சியத்தால் நேர்ந்ததாக இருக்கக் கூடாது.

கதவு திறந்த பிறகுதான் உண்மையான வேலை. ரசீது என்று ஒன்று இருந்தது, அதில் கையெழுத்திட்டவர் கடன் கொடுத்தவரே, ஜெராக்ஸ் எடுத்தபோது அசல் யாரிடம் இருந்தது, எங்கே, யார் எடுத்தார்கள் என்பதையெல்லாம் சாட்சி சொல்ல வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். நகல் எடுக்கப்பட்ட சூழ்நிலையும், அப்போது அசல் யாரிடம் இருந்தது என்பதும் விளக்கப்படாததால், 1975இல் ஒரு தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டோஸ்டாட் நகலை ஏற்க மறுத்தது.

குறுக்கு விசாரணையில் எதிராளி 'கையெழுத்து என்னுடையதுதான்' என்று ஒத்துக்கொண்டால் வென்றுவிட்டதாக நினைக்கிறவர்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், பவர் பத்திரத்தின் ஜெராக்ஸைக் காட்டிக் கேட்டபோது அவர் கையெழுத்தை மட்டும் ஒப்புக்கொண்டார். வாசகத்தை நிரூபிக்க அது போதாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எதிர்த்தரப்பும் தூங்கக் கூடாது. ஜெராக்ஸை மார்க் செய்யும்போதே ஆட்சேபிக்க வேண்டும். அசல் இல்லாமல் நிரூபித்த முறை தவறு என்று மேல்முறையீட்டில் முதல்முறையாகக் கிளப்பினால் பெரும்பாலும் எடுபடாது.

நம் கடன்காரருக்கு இன்னொரு சிக்கலும் வரலாம். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாத அசல் கையில் இருந்தால் அபராதம் கட்டி ஏற்கச் செய்யலாம். அந்தச் சலுகை ஜெராக்ஸுக்குக் கிடையாது. 1971இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஸ்டாம்ப் இல்லாத ரசீதின் ஜெராக்ஸ் என்றால், நோட்டீஸ் அனுப்பியும் சாட்சி வைத்தும் பயனில்லை.